ஐந்து ஏக்கர் செம்பனை மறுநடவு: விலை இறங்கினால் கணக்கு எங்கே உடையும்?

ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா பக்கம் போகிறவர்களுக்குச் சாலையின் இரு புறமும் செம்பனை தெரியும். மலேசியாவில் செம்பனையை வாணிகப் பயிராக முதலில் நட்ட இடமும் இந்த வட்டாரம்தான். 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியர் கோலசிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார். அதன் பிறகு ரப்பர் குறைந்து செம்பனை கூடியது. பெரிய தோட்டங்களுக்கு நடுவே, ஓய்வுக்காலப் பணத்திலும் குடும்பச் சேமிப்பிலும் வாங்கிய நான்கைந்து ஏக்கர் சிறு நிலங்களும் உண்டு. அவற்றில் மரம் 25 வயதைத் தாண்டிவிட்டால் ஒரு கேள்வி வந்து நிற்கும். வெட்டிவிட்டு மறுநடவு செய்வதா, அல்லது கிடைக்கிற வரை வெட்டிக்கொண்டே இருப்பதா?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கைப் போட்டுத்தான் பதில் தேடுகிறார்கள். இன்றைய பழ விலை, வழக்கமான விளைச்சல், இன்றைய உர விலை ஆகியவற்றை எழுதிக் கூட்டிக் கழித்தால் லாபம் தெரிகிறது. ஆனால் செம்பனை விலை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2008 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 4,000 வெள்ளிக்கு மேல் விற்றது. அதே ஆண்டின் கடைசியில் 1,500 வெள்ளியை ஒட்டி வந்துவிட்டது. 2022 மார்ச்சில் 7,000 வெள்ளியைத் தாண்டியது. ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது, மே 23இல் அதை நீக்கியது. ஜூலையில் விலை 4,000 வெள்ளிக்கும் கீழே போனது. ஒரு மறுநடவின் ஆயுள் 25 ஆண்டு. இப்படிப்பட்ட ஆண்டுகள் அதற்குள் பல முறை வரும்.

அதனால் கணக்கை ஒரு முறை போட்டால் போதாது. அதில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அசைத்து, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். வங்கிகளும் தோட்ட நிறுவனங்களும் இதை உணர்திறன் பகுப்பாய்வு என்கின்றன. பல எண்கள் சேர்ந்து மாறும் ஒரு முழு நிலவரத்தை எடுத்துப் பார்ப்பது சூழ்நிலைப் பகுப்பாய்வு. ஒரு நோட்டுப் புத்தகமும் கால்குலேட்டரும் இருந்தால் இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம்.

ஈஜோக் பக்கம் ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர், அதாவது ஏறக்குறைய இரண்டு ஹெக்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுமார் 280 மரம். கீழே வரும் செலவுக் கணக்குகள் எடுத்துக்காட்டுக்காக எழுதப்பட்டவை. செய்கிறவர்கள் தங்கள் குத்தகையாளரும் உரக்கடையும் சொல்லும் விலையை அங்கே போட்டுக்கொள்ள வேண்டும்.

மரம் நன்றாகக் காய்க்கும் ஓர் ஆண்டில் ஹெக்டருக்கு 18 டன் வீதம் 36 டன் பழக்குலை கிடைக்கிறது. விலை டன்னுக்கு 700 வெள்ளி. குலை வெட்டவும் லோரியில் ஆலைக்கு அனுப்பவும் டன்னுக்கு 100 வெள்ளி செலவு. பழம் இருந்தால்தான் இந்தச் செலவு உண்டு. பழம் வந்தாலும் வராவிட்டாலும் செய்தாக வேண்டிய செலவு வேறு. உரம் 4,500 வெள்ளி, புல் மருந்தடிப்பதற்கும் மட்டை வெட்டுவதற்கும் உரம் போடும் கூலிக்கும் 2,500, நிலவரி போன்ற சில்லறைக்கு 600. மொத்தம் 7,600 வெள்ளி. டன்னுக்கு மிஞ்சும் 600 வெள்ளியை 36ஆல் பெருக்கினால் 21,600 வரும். அதில் 7,600 போக மீதி 14,000 வெள்ளி.

இப்போது எண்களை ஒவ்வொன்றாக 20 விழுக்காடு மோசமாக்கிப் பார்க்கலாம். மற்றவை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பழ விலை 560 வெள்ளிக்கு இறங்கினால் மீதி 8,960 வெள்ளிதான். விலை 20 விழுக்காடு குறைந்தால் கையில் நிற்கும் பணம் 36 விழுக்காடு குறைகிறது. விளைச்சல் அதே அளவு குறைந்தால் மீதி 9,680. பழம் குறையும்போது வெட்டுக்கூலியும் லோரி வாடகையும் சேர்ந்து குறைவதால் அடி கொஞ்சம் மெதுவாக விழுகிறது. உர விலை 20 விழுக்காடு ஏறினால் மீதி 13,100. காப்பிக்கடையில் அதிகம் பேசப்படுவது உர விலை. கணக்கிலோ அது விலைக்கும் விளைச்சலுக்கும் வெகு பின்னால்தான் நிற்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே 20 விழுக்காட்டால் அசைப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. எல்லாமே ஒரே அளவுக்கு ஆடுவதில்லை. 2021க்கும் 2022க்கும் இடையில் உர விலை 20 விழுக்காட்டோடு நிற்காமல் பல மடங்கு வேகத்தில் ஏறியது. கூலி அப்படி ஏறாது. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாக இருந்து 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. ஏறக்குறைய மூன்று ஆண்டில் 13 விழுக்காடு. ஏறிய பிறகு அது இறங்குவதுமில்லை. எனவே ஒவ்வொரு எண்ணையும் அது உண்மையில் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று பார்த்து, அந்த அளவுக்கு அசைக்க வேண்டும். உரத்தை இரட்டிப்பாக்கினால் மீதி 9,500 ஆகிறது. பழ விலையைப் பாதியாக்கினால் 1,400 வெள்ளிதான் மிஞ்சும். பாதி விலை என்பது கற்பனையல்ல, 2008இல் எண்ணெய் விலை அதற்கும் கீழே போனது.

'விலை' என்ற எண்ணுக்குள்ளேயே இன்னும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் பழக்குலைக்கு வெளியிடும் விலை, ஒரு விழுக்காட்டு எண்ணெய்க்கு இவ்வளவு என்ற கணக்கில் இருக்கும். அது 37 வெள்ளியாக இருந்து, பழத்துக்கு 19 விழுக்காடு எண்ணெய் என்று ஆலை மதிப்பிட்டால் டன்னுக்கு 703 வெள்ளி. பச்சைக்குலை கலந்து, உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டு, மதிப்பீடு 17க்கு இறங்கினால் 629 வெள்ளி. சந்தையில் எதுவும் மாறாமலேயே பத்து விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. உலக விலை நில உரிமையாளர் கையில் இல்லை, இந்தப் பகுதி அவர் கையில் இருக்கிறது. எது கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டுவது இந்தக் கணக்கின் பயன்களில் ஒன்று.

இதுவரை பார்த்தது காய்க்கும் மரத்தின் ஓர் ஆண்டு. மறுநடவு இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அதில் காலம் நுழைகிறது. பழைய மரத்தைச் சாய்த்துத் துண்டாக்கி, குழி எடுத்து, கன்று நட்டு, மூன்று ஆண்டு பராமரிக்க மொத்தம் 30,000 வெள்ளி ஆகிறது என்போம். முதல் ஆண்டு 18,000, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 6,000. அந்த மூன்று ஆண்டும் பழம் கிடையாது. நான்காம் ஆண்டு 16 டன், ஐந்தாம் ஆண்டு 24 டன், ஆறாம் ஆண்டு 32 டன், அதன் பிறகு 36 டன். பராமரிப்புச் செலவு அதே 7,600 என்றால் நான்காம் ஆண்டு மீதி 2,000 வெள்ளி, ஐந்தாம் ஆண்டு 6,800, ஆறாம் ஆண்டு 11,600, பிறகு ஆண்டுக்கு 14,000. போட்ட 30,000 ஏழாம் ஆண்டில் திரும்பி வந்துவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதையும் அசைத்துப் பார்த்தால், பழ விலை 20 விழுக்காடு குறைவாக இருக்கும்போது முதல் திரும்புவது ஒன்பதாம் ஆண்டுக்குப் போகிறது. விளைச்சல் 20 விழுக்காடு குறைந்தால் எட்டாம் ஆண்டு. மறுநடவுச் செலவே 30,000க்குப் பதில் 36,000 ஆனாலும் எட்டாம் ஆண்டுதான்.

இனி பலரும் கணக்கில் சேர்க்காத ஓர் எண்ணுக்கு வருவோம். முதல் அறுவடை ஓர் ஆண்டு தள்ளிப்போனால் என்ன ஆகும்? நான்காம் ஆண்டும் பழம் இல்லை, இன்னொரு 6,000 செலவு, பிறகு எல்லாம் ஓர் ஆண்டு பின்னால் நகர்கிறது. முதல் திரும்புவது ஒன்பதாம் ஆண்டில். அதாவது ஓர் ஆண்டுத் தாமதம், ஆயுள் முழுவதும் பழ விலை 20 விழுக்காடு குறைவதற்குச் சமமாக முதலைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

தாமதம் அபூர்வமானதும் அல்ல. வெட்டிப் போட்ட மரம் மக்கும் இடத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அது இளங்கன்றின் குருத்தைத் துளைத்தால் கன்று பின்தங்கும், சில சாகும். விரியும் மட்டைகள் கத்தரியால் விசிறி போல் வெட்டியது மாதிரி தெரிந்தால் அது வண்டின் வேலை. இன்னொன்று கன்று. உரிமம் இல்லாத நாற்றங்காலில் மலிவாக வாங்கிய கன்றில் தடித்த ஓட்டு வகை கலந்திருந்தால், மூன்று நான்கு ஆண்டு கழித்து முதல் குலையை வெட்டி, பழத்தைக் குறுக்கே அறுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். சதை மெலிந்து, நடுவில் கொட்டை பெரிதாக இருக்கும். அந்த மரம் 25 ஆண்டுக்கும் குறைந்த எண்ணெயைத்தான் கொடுக்கும். ஒரு கன்றுக்குச் சில வெள்ளி மிச்சம் பிடித்தது, கணக்கில் மிகக் கூர்மையான இரண்டு எண்களையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

முதல் எந்த ஆண்டில் திரும்பும் என்பதைவிடக் குடும்பத்துக்கு முக்கியமானது, எந்த ஆண்டில் கையில் பணம் இல்லாமல் போகும் என்பது. மறுநடவுக்குக் கடன் வாங்கி, நான்காம் ஆண்டிலிருந்து மாதம் 400 வெள்ளி, ஆண்டுக்கு 4,800 தவணை கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தந்த ஆண்டைச் சமாளிக்க ஒரு டன் பழம் குறைந்தது என்ன விலைக்குப் போக வேண்டும் என்று பார்க்கலாம். பராமரிப்பையும் தவணையையும் கூட்டி, டன்னால் வகுத்து, வெட்டுக்கூலியும் லோரியுமான 100 வெள்ளியைச் சேர்த்தால் போதும். எக்செல்லில் போடுகிறவர்கள் பராமரிப்பை B1இலும், தவணையை B2இலும், டன்னை B3இலும், டன்னுக்கான கூலியை B4இலும் வைத்து இப்படி எழுதலாம்:

```
=(B1+B2)/B3+B4
```

நான்காம் ஆண்டில் இது 875 வெள்ளி. ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறைய 617. ஆறாம் ஆண்டில் 488. ஏழாம் ஆண்டிலிருந்து சுமார் 444. கணக்கு தொடங்கிய விலையே 700 வெள்ளிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு எண்ணும் மோசமாகாமலேயே நான்காம் ஆண்டில் 2,800 வெள்ளி இடிக்கிறது. 'ஏழாம் ஆண்டில் முதல் திரும்பும்' என்ற வரி இதைக் காட்டவே இல்லை.

விலை 20 விழுக்காடு குறைந்தால் நான்காம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் சேர்த்து 6,400 வெள்ளி வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அறுவடை ஓர் ஆண்டு தள்ளிப்போனாலோ அந்த இரண்டு ஆண்டுக்கு 13,600 வெள்ளி வேண்டும். முதல் திரும்பும் ஆண்டு இரண்டிலும் ஒன்றேதான், பணமுடையில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு. போதாததற்கு, முன்பு பழைய மரத்திலிருந்து ஆண்டுக்கு ஏழாயிரம் வெள்ளி போல் வந்துகொண்டிருந்தால் அதுவும் வெட்டிய நாளோடு நின்றுவிட்டது. மூன்று ஆண்டுக்கு 21,000. வீட்டுச் செலவுக்கு அதை நம்பியிருந்த குடும்பத்துக்கு அதுவும் மறுநடவுச் செலவுதான்.

இனி சூழ்நிலைகள். ஒரு எண் மட்டும் மாறி மற்றவை சும்மா நிற்பது ஊரில் நடப்பதில்லை. 2008இலும் 2022இன் பிற்பாதியிலும் பழ விலை சில மாதங்களில் விழுந்தது, ஆனால் வீட்டுக் கொட்டகையில் இருந்தது உச்ச விலைக்கு வாங்கிய உர மூட்டை. ஆகவே 'கெட்ட காலம்' என்று ஒரு வரி எழுதினால், பழம் 450 வெள்ளி, உரம் ஒன்றரை மடங்கு என்று இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். மரம் முழு விளைச்சலில் இருக்கும் ஒன்பதாம் ஆண்டில் இந்தக் காலம் வந்தால் செலவு போக 2,750 மிஞ்சும், தவணைக்கு 2,050 இடிக்கும். ஒரு குடும்பம் சமாளித்துவிடலாம். அதே காலம் ஐந்தாம் ஆண்டில் வந்தால் தோட்டமே 1,450 வெள்ளி நட்டத்தில் நிற்கும், தவணையோடு சேர்த்து 6,250 இடிக்கும். கெட்ட காலம் வருமா என்பதோடு, எந்த ஆண்டில் வருகிறது என்பதும் கணக்கை மாற்றுகிறது.

'நல்ல காலம்' என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். 2022இன் தொடக்கம் போல் பழம் 1,200 வெள்ளிக்குப் போகிறது என்போம். விலையை மட்டும் மாற்றினால் மீதி 32,000 வெள்ளி. ஆனால் அந்தக் காலத்தில் உர விலையும் உச்சத்தில் இருந்தது, கோவிட் காரணமாக வெளிநாட்டுத் தொழிலாளர் வராததால் வெட்ட ஆளில்லாமல் பல இடங்களில் பழம் மரத்திலேயே அழுகியது. உரம் இரட்டிப்பு, வெட்டுக்கூலியும் லோரியும் 130 வெள்ளி, நான்கில் ஒரு பங்கு பழம் வெட்டப்படவில்லை என்று போட்டால் மீதி 16,790 வெள்ளிதான். பழ விலை 70 விழுக்காட்டுக்கு மேல் ஏறியும் கையில் கூடியது 20 விழுக்காடு. உச்ச விலையைப் பார்த்து மறுநடவுக் கடனைப் பெரிதாக எடுத்தவர்கள் இந்தப் பாதிக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

கெட்ட காலத்தில் எல்லோருக்கும் தோன்றும் ஒரு வழி, உரத்தை நிறுத்துவது. தாளில் அது அழகாகத் தெரியும். ஒன்றரை மடங்கு உரச் செலவான 6,750 வெள்ளி அந்த ஆண்டே மிஞ்சும், விளைச்சல் குறையாது. செம்பனையில் இன்று வெட்டும் குலையின் பூ ஆணா பெண்ணா என்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. மரம் வாடினால் ஆண் பூ கூடும், குலை குறையும், ஆனால் அது கண்ணுக்குத் தெரிவது பிறகுதான். எனவே உரத்தைப் பூஜ்யமாக்கும் வரியை எழுதுகிறவர், அடுத்த ஆண்டுகளின் டன்னையும் குறைத்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாள் பொய் சொல்கிறது. விலை திரும்ப ஏறும் நேரத்தில் வெட்டப் பழம் இருக்காது.

இன்னொரு வழி, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இருக்கிறது. ஐந்து ஏக்கரையும் ஒரே நேரத்தில் வெட்டாமல் பாதியை மட்டும் முதலில் மறுநடவு செய்வது. செலவு 15,000, தவணை ஆண்டுக்கு 2,400. பழைய பாதி ஆண்டுக்கு 3,500 வெள்ளி கொடுத்துக்கொண்டே இருக்கும். அதே நான்காம் ஆண்டில் இப்போது 2,800 இடிப்பதற்குப் பதில் 2,100 மிஞ்சுகிறது. விலை 20 விழுக்காடு விழுந்தால் இடிப்பது 420 வெள்ளி மட்டுமே, அதுவும் அடுத்த ஆண்டில் சரியாகிவிடும். அறுவடை ஓர் ஆண்டு தள்ளிப்போனாலும் இடிப்பது 13,600 அல்ல, 1,900.

இதற்கும் விலை உண்டு. மரம் சாய்க்கும் இயந்திரத்தை இரண்டரை ஏக்கருக்காகக் கொண்டுவந்தால் ஏக்கருக்கு வாடகை கூடும், நான்கைந்து ஆண்டு கழித்து மீதிக்கு மறுபடியும் கொண்டுவர வேண்டும். பழைய பாதியின் மரம் இன்னும் உயர்ந்து, வெட்டுக்கூலி ஏறி, டன் குறையும். கடலோர மண்ணில் அடித்தண்டு அழுகல் நோய் ஏற்கெனவே இருந்தால் காத்திருக்கும் ஆண்டுகளில் இன்னும் சில மரம் சாயலாம், அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான் தெரிந்தால் அந்த மரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். இரண்டாம் முறை இயந்திரத்துக்கு ஒரு நான்காயிரம் வெள்ளி கூடுதலாகும் என்று போட்டாலும், தாமதம் வந்தால் தேவைப்படும் பணமுடையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாடகை அதைவிடப் பல மடங்கு கேட்டாலோ, பழைய பாதியின் வருமானம் ஏற்கெனவே ஆயிரம் வெள்ளிக்கு இறங்கியிருந்தாலோ கணக்கு மாறும். அந்த இரண்டு எண்ணையும் தெரிந்துகொள்ள, குத்தகையாளரிடம் ஒரு விலையும், கடந்த பன்னிரண்டு மாத ஆலைச் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் போதும்.